850 அல்ல, 827: பில்லில் கூடுதலாகப் போட்ட தொகையைக் கேட்டு ஒரு கடிதம்

கடைக்கு வரும் புகார்க் கடிதங்களைப் படிப்பது சில வருடங்கள் என் வேலையாக இருந்தது. கணக்குப் பிரிவில் ஒரு மூலை மேசை, பக்கத்தில் ஒரு தட்டு, அதில் கடிதங்கள். பெரும்பாலான கடிதங்களில் கோபம் இருக்கும், கடையின் மேல் வைத்திருந்த நம்பிக்கை போன கதை இருக்கும், பில்லில் எந்தப் பொருளுக்கு அதிகம் போட்டார்கள் என்பதுகூட இருக்கும். எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பது மட்டும் இருக்காது. "கூடுதலாக வசூலித்திருக்கிறீர்கள், தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடிந்துவிடும்.

தக்க நடவடிக்கை என்றால் என்ன? அதைப் படிக்கும் குமாஸ்தாவுக்குத் தெரியாது. அவர் பில்லைத் தேடி எடுத்து, எது தவறு என்று புரிந்துகொண்டு, தள்ளுபடி, வரி எல்லாம் போட்டுச் சரியான தொகையைக் கண்டுபிடித்து, அதற்கு மேலாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த வேலைக்கு அரை மணி நேரம் ஆகும். பக்கத்திலேயே இன்னொரு கடிதம் "நான் கட்டியது இவ்வளவு, கட்ட வேண்டியது இவ்வளவு, மீதி இவ்வளவு" என்று கணக்கோடு இருந்தால், எதை அவர் முதலில் எடுப்பார்? சரிபார்ப்பது எளிது, கண்டுபிடிப்பது சிரமம். கடிதம் எழுதுபவர் அந்தச் சிரமத்தைத் தானே எடுத்துக்கொண்டால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்குச் சரிபார்ப்பது மட்டும்தான் மிச்சம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. சரியான தொகை என்று நமக்கு முதலில் தோன்றுவது பெரும்பாலும் சரியான தொகையாக இருப்பதில்லை. அண்ணியின் பெயிண்ட் பில்லை வைத்து இதைச் சொல்வதுதான் எளிது. நாணயம் எதுவானாலும் கணக்கு இதேதான் என்பதால் வெறும் எண்களை மட்டும் தருகிறேன்.

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஒரு கடையில் சாமான் வாங்கினார்கள். முன்கூட்டியே கொட்டேஷன் வாங்கி, எல்லாப் பொருளுக்கும் 10 சதவீதம் தள்ளுபடி என்று எழுத்திலும் வாங்கியிருந்தார்கள். சாமான் வந்த பிறகு வந்த பில் இப்படி இருந்தது:

சுவர் பெயிண்ட் வாளி 6 × 850 = 5,100
பிரைமர் 2 × 420 = 840
ரோலர் 4 × 90 = 360
கூட்டுத்தொகை 6,300
தள்ளுபடி 10% = 630
தள்ளுபடி போக 5,670
வரி 8% = 453.60
டெலிவரி 200 (வரி இல்லை)
மொத்தம் 6,323.60, ரவுண்ட் செய்து 6,324

கொட்டேஷனில் வாளி 5. வீட்டுக்கு வந்ததும் 5. பில்லில் 6. பணம் கார்டில் ஏற்கெனவே போய்விட்டது.

"ஒரு வாளி அதிகம், 850 திருப்பித் தரணும். அதைத்தானே தம்பி எழுதணும்?" என்றார் அண்ணி.

இல்லை. 850 என்பது வாளியின் அட்டை விலை. அந்த ஆறாவது வாளிக்கு அண்ணி 850 கட்டவே இல்லை. அதற்கும் 10 சதவீதம் தள்ளுபடி போயிருக்கிறது. 850-இல் 85 கழிந்து 765. அந்த 765 மேல் 8 சதவீதம் வரி 61.20 ஏறியிருக்கிறது. ஆக, வராத வாளிக்காக அண்ணியின் கையிலிருந்து போனது 826.20. பில்லில் ஒரு பொருளின் எண்ணிக்கை மாறினால் அந்தத் தவறு அந்த இடத்தோடு நிற்காது. கீழே இருக்கும் தள்ளுபடி, வரி எல்லாவற்றின் வழியாகவும் இறங்கிக் கடைசி மொத்தத்துக்கு வரும்போது வேறு எண்ணாகிவிடும்.

850 என்று கேட்டால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். கூடக் கேட்டால் குறைத்துக் கொடுக்கட்டுமே. நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. குமாஸ்தா கணக்குப் போட்டுப் பார்ப்பார், அவருக்கு 850 வராது. வராத எண்ணுக்கு அவர் மேலாளரிடம் கையெழுத்துக் கேட்க முடியாது. அதனால் "வாடிக்கையாளர் கேட்கும் தொகை பொருந்தவில்லை, விளக்கம் கேட்கவும்" என்று ஒரு குறிப்பு எழுதி வைப்பார். அந்த விளக்கக் கடிதம் போய், பதில் வந்து, மறுபடி தட்டில் அடியில் இருந்து தொடங்கும். குறைவாகக் கேட்பதும் சிக்கல்தான். கேட்டதைக் கொடுத்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள்; மீதியைப் பிறகு கேட்டால் "ஏற்கெனவே முடிந்த விவகாரம்" என்பார்கள்.

சரி, சரியான தொகையை எப்படிப் பிடிப்பது? எனக்குத் தெரிந்து ஒரே ஒரு நம்பகமான வழிதான். சரியான கணக்கைப் போடுவதற்கு முன்னால் கடையின் தவறான கணக்கை நாமே அப்படியே போட்டுப் பார்க்க வேண்டும். 6 வாளி என்றே வைத்து, வரிசையாகக் கூட்டி, கழித்து, பெருக்கி, 6,324 வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் கடை எந்த வரிசையில் கணக்குப் போடுகிறது என்பது நமக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு 6-ஐ மட்டும் 5 ஆக்கி, அதே வழியில் மறுபடி கீழே இறங்கினால் போதும்.

அந்தத் தவறான மொத்தம் நமக்கு வரவில்லை என்றால், கடிதத்தை இன்னும் எழுதக் கூடாது. நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று பில்லில் இருக்கிறது. அது என்ன என்பதற்குச் சில வழக்கமான விடைகள் உண்டு. ஒருவேளை பொருளுக்குப் பொருள் வரி விகிதம் வேறாக இருக்கலாம். பிரைமருக்கு ஒரு விகிதம், ரோலருக்கு வேறு. ஒருவேளை விலையிலேயே வரி அடங்கியிருக்கலாம். அப்போது பில்லின் கீழே காட்டும் வரி மேலே கூட்டிய தொகைக்குள் இருந்து பிரித்துக் காட்டியது, புதிதாகச் சேர்த்தது அல்ல. 108 விலையில் 8 சதவீத வரி அடங்கியிருந்தால் வரி 8 தான். 108-க்கு 8 சதவீதம் என்று 8.64 போட்டால் பொருந்தாது. இன்னொன்று, சில பில்லிங் மென்பொருள்கள் மொத்தத்தை மட்டும் ரவுண்ட் செய்யும், சில ஒவ்வொரு பொருளின் தொகையையும் செய்யும். கடைசியில் சில காசு வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட வேண்டாம்.

தள்ளுபடியை வரிக்கு முன் கழிப்பதா, பின் கழிப்பதா என்பதைப் பற்றிப் பலருக்கும் சந்தேகம் வரும். சதவீதத் தள்ளுபடி என்றால் இறுதித் தொகையில் வித்தியாசமே வராது. முதலில் 10 சதவீதம் குறைத்துப் பிறகு 8 சதவீதம் ஏற்றினாலும், முதலில் ஏற்றிப் பிறகு குறைத்தாலும் பெருக்கல்தானே, விடை ஒன்றுதான். வரி என்று காட்டும் தொகைதான் மாறும். ஆனால் தள்ளுபடி ஒரு நிலையான தொகையாக இருந்தால் வரிசை முக்கியமாகிவிடும். 5,450-க்கு வாங்கி 500-க்குக் கூப்பன் இருக்கிறது என்று வையுங்கள். கூப்பனை முதலில் கழித்து வரி போட்டால் 5,346. வரி போட்டுக் கூப்பனைக் கழித்தால் 5,386. அதே கூப்பன், 40 வித்தியாசம். கூப்பனின் பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தில் பெரும்பாலும் இதற்கு விடை இருக்கும்.

அண்ணியின் பில்லுக்கு வருவோம். தவறான கணக்கு 6,324 சரியாக வந்தது. 6-ஐ 5 ஆக்கினால் பெயிண்ட் 4,250, பிரைமர் 840, ரோலர் 360, கூட்டினால் 5,450. தள்ளுபடி 545 போக 4,905. வரி 392.40 சேர்த்து 5,297.40. டெலிவரி 200 சேர்த்து 5,497.40. ரவுண்ட் செய்தால் 5,497. கட்டியது 6,324, கட்ட வேண்டியது 5,497, வித்தியாசம் 827.

கவனித்திருப்பீர்கள்: வாளியை மட்டும் கணக்குப் போட்டால் 826.20, இரண்டு மொத்தங்களைக் கழித்தால் 827. முதல் பில் மேல்நோக்கி ரவுண்ட் ஆனது, சரியான பில் கீழ்நோக்கி ரவுண்ட் ஆகும். இரண்டும் சேர்ந்து 80 காசு. கடிதத்தில் எதை எழுதுவது? இரண்டு மொத்தங்களையும் எழுதி, அவற்றின் வித்தியாசமான 827-ஐக் கேட்பதே நல்லது. ஏனென்றால் கார்டிலிருந்து போனது 6,324 என்பது வங்கிக் கணக்கில் பதிவான உண்மை. சரியாகப் பில் போட்டிருந்தால் போயிருக்கும் தொகை 5,497. கடை 826 என்று முடித்தாலும் ஒப்புக்கொள்ளலாம், அது வேறு விஷயம்.

இங்கே ஒரு கேள்வியை நான் அண்ணியிடம் கேட்டேன், எல்லோரும் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. "அந்த 10 சதவீதம் எதுக்குக் கொடுத்தாங்க அண்ணி? சும்மாவா, இல்ல இவ்வளவுக்கு மேல வாங்கினாத்தான்னு சொன்னாங்களா?" அண்ணி கொட்டேஷனை எடுத்துக் காட்டினார், நிபந்தனை எதுவும் இல்லை. இருந்திருந்தால் கதை தலைகீழாக மாறியிருக்கும். 6,000-க்கு மேல் வாங்கினால்தான் தள்ளுபடி என்று இருந்ததாக வையுங்கள். ஆறாவது வாளியை நீக்கினால் கூட்டுத்தொகை 5,450, 6,000-க்குக் கீழே. தள்ளுபடியும் கூடவே போய்விடும். 5,450-க்கு வரி 436 சேர்த்து 5,886, டெலிவரியோடு 6,086. அப்போது திருப்பித் தர வேண்டியது வெறும் 238. பில்லில் வராத வாளி ஒன்று இருந்ததால் கிடைத்த தள்ளுபடி, அந்த வாளியோடு சேர்ந்து திரும்பிப் போகும்.

இது அநியாயமாகத் தோன்றலாம், ஆனால் கணக்கு அதுதான், கடையின் குமாஸ்தா முதலில் பார்ப்பதும் அதைத்தான். இப்படி ஒரு வரம்பு இருந்தால் 827 கேட்டு எழுதும் கடிதம் நிற்காது. இலவச டெலிவரி, இலவசப் பொருள், பாயிண்ட் என்று வரம்பை ஒட்டித் தரும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் 6 வாளி கேட்டு, 6-க்குப் பணம் கட்டி, கடை 5 மட்டும் அனுப்பியிருந்தால் அது பில் தவறு அல்ல, சாமான் குறைவு. அங்கே தள்ளுபடியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆறாவது வாளியை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். ஆக, கேட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு, பில் போட்டது எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியே பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் தொட வேண்டும்.

நமக்குச் சாதகமான தவறு இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். ரோலர் பில்லில் 4, வீட்டுக்கு வந்தது 5 என்று இருந்திருந்தால், கேட்க வேண்டியது 827 அல்ல, 739. நல்ல மனசுக்காக மட்டும் சொல்லவில்லை. கடை பில்லை எடுத்துச் சரக்கு இருப்போடு ஒப்பிடும்போது அதுவும் வெளியே வந்துவிடும். அப்போது உங்கள் மற்ற கணக்கின் மேலும் சந்தேகம் விழும்.

கணக்கு கையில் இருந்தால் கடிதம் எழுதக் கொஞ்ச நேரம் போதும். அண்ணி அனுப்பியது இதுதான். பில் எண்ணையும் தேதியையும் மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அனுப்புநர்: (பெயர், முகவரி, தொலைபேசி எண்)
பெறுநர்: மேலாளர், (கடையின் பெயர், முகவரி)
தேதி: மார்ச் 14

பொருள்: மார்ச் 12 தேதியிட்ட பில் எண் 4471-இல் கூடுதலாகப் பெற்ற 827-ஐத் திருப்பித் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

மேற்கண்ட பில்லில் சுவர் பெயிண்ட் வாளி 6 என்று கணக்கிடப்பட்டுள்ளது. நான் கேட்டதும் எனக்கு வந்ததும் 5. உங்கள் கொட்டேஷனிலும், நான் கையெழுத்திட்ட டெலிவரி சீட்டிலும் 5 என்றே உள்ளது.

வாளி 5 என்று திருத்தினால் கணக்கு இப்படி வருகிறது:

சுவர் பெயிண்ட் வாளி 5 × 850 = 4,250
பிரைமர் 2 × 420 = 840
ரோலர் 4 × 90 = 360
கூட்டுத்தொகை 5,450
தள்ளுபடி 10% (கொட்டேஷன்படி) 545
தள்ளுபடி போக 4,905
வரி 8% = 392.40
டெலிவரி 200
சரியான மொத்தம் 5,497.40, ரவுண்ட் செய்து 5,497

நான் கார்டு மூலம் செலுத்தியது 6,324. செலுத்த வேண்டியது 5,497. திருப்பித் தர வேண்டியது 827.

இந்தத் தொகையை நான் பணம் செலுத்திய அதே கார்டுக்கு மார்ச் 28-க்குள் அனுப்புமாறும், பில் எண் 4471-ஐக் குறிப்பிட்டு ஒரு கிரெடிட் நோட் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். பில்லில் உள்ள மற்ற பொருள்கள், விலைகள் எல்லாம் சரியாக உள்ளன. உங்கள் கணக்கில் வேறு தொகை வந்தால் எந்த இடத்தில் மாறுகிறது என்று எழுத்தில் தெரிவிக்கவும்.

இணைப்பு: பில், கொட்டேஷன், டெலிவரி சீட்டு, கார்டு பரிவர்த்தனை விவரம் (அனைத்தும் நகல்)

இப்படிக்கு,
(கையெழுத்து)

இதில் "ஏமாற்றிவிட்டீர்கள்", "கொள்ளை" போன்ற சொற்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். மரியாதைக்காக மட்டும் அல்ல. தவறு என்று எழுதினால் கடிதம் கணக்குப் பிரிவுக்குப் போகும். அங்கே தவறைத் திருத்தும் அதிகாரம் ஒரு குமாஸ்தாவுக்கும் ஒரு மேலாளருக்கும் இருக்கிறது. மோசடி என்று எழுதினால் அது மேலே போகும். மேலே இருப்பவர்களுக்கு 827 முக்கியம் அல்ல, அந்தச் சொல்லுக்கு என்ன பதில் எழுதுவது என்பதுதான் முக்கியம். பில் போட்ட பையன் வேண்டுமென்றே செய்தானா, அவசரத்தில் எண்ணை மாற்றி அடித்தானா என்பது நமக்குத் தெரியவே தெரியாது. தெரியாததை எழுதி நிரூபிக்கும் பாரத்தை நாமே ஏன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்?

"பொருள்" என்ற வரியிலேயே பில் எண்ணும் தொகையும் இருப்பதற்கும் காரணம் உண்டு. கடிதத்தைப் பிரிப்பவர் அதை மட்டும் பார்த்தே எந்த மேசைக்கு அனுப்புவது என்று முடிவு செய்துவிடலாம். மற்ற பொருள்கள் சரி என்ற ஒரு வாக்கியம் பார்க்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் என் மேசையில் அதற்கு நிறைய மதிப்பு இருந்தது. முழுப் பில்லையும் சரிபார்க்க வேண்டியதில்லை, ஒரு வரி போதும் என்று அது சொல்லிவிடுகிறது. எழுத்தில் தெரிவிக்கவும் என்பதும் தேவைதான். இல்லையென்றால் யாரோ ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு "பார்க்கிறோம்" என்பார். அந்தப் பேச்சுக்குத் தடயம் இருக்காது.

நகல்களை மட்டும் அனுப்ப வேண்டும், அசல் பில்லைக் கொடுத்துவிடக் கூடாது. இதைச் சொன்னால் எல்லோரும் தெரியும் என்பார்கள், ஆனாலும் அசல்கள் வந்துகொண்டேதான் இருந்தன. வெப்பத் தாளில் அச்சான பில் என்றால் வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வைப்பது நல்லது. வெளிச்சத்திலும் சூட்டிலும் எழுத்து மங்கிவிடும், பிறகு அசல் இருந்தும் பயனில்லை. கார்டு எண்ணில் கடைசி நான்கு இலக்கம் தெரிந்தால் போதும், மற்றதை மறைத்துவிடலாம்.

அண்ணியிடம் இருந்த வலுவான சான்று டெலிவரி சீட்டு. 5 என்று எழுதி அவரும் வண்டிக்காரரும் கையெழுத்துப் போட்டது. சாமானைக் கடையிலிருந்து நாமே எடுத்துவந்திருந்தால் அப்படி ஒரு காகிதம் இருக்காது. அப்போது 5 தான் வாங்கினேன் என்பது நம் வாய்ச்சொல். ஆனாலும் வழி இல்லாமல் இல்லை. கடையின் கணினி இருப்பில் எத்தனை வாளி, அலமாரியில் உண்மையில் எத்தனை வாளி என்று எண்ணிப் பார்த்தால், விற்காத ஒன்றை விற்றதாகப் பதிந்திருந்தால் அலமாரியில் ஒன்று கூடுதலாக நிற்கும். அதனால் அந்த மாதிரிச் சமயத்தில் "பில் போட்ட நாளின் சரக்கு இருப்பைச் சரிபார்க்கவும்" என்று கடிதத்தில் ஒரு வரி சேர்ப்பது பலன் தரும், அதுவும் சீக்கிரம் எழுதினால்தான். அடுத்த லோடு வந்து இறங்கிவிட்டால் அந்த ஒரு வாளியைத் தனியே அடையாளம் காண்பது கஷ்டம். பில்லில் ஒரே பொருள் இரண்டு தனி வரிகளாக வந்திருந்தால் அதையும் சுட்டிக்காட்டலாம். ஒரே பெட்டியை ஸ்கேனர் இரண்டு முறை படித்தால் பல கடைகளின் பில்லில் அப்படித்தான் அச்சாகும்.

பணம் இன்னும் கட்டவில்லை, மாதக் கணக்கு என்றால் கடிதம் கொஞ்சம் மாறும். திருப்பித் தரக் கேட்பதற்குப் பதிலாகத் திருத்திய பில் கேட்க வேண்டும். அதற்காக முழுப் பணத்தையும் நிறுத்தி வைப்பது புத்திசாலித்தனம் அல்ல. 5,497-ஐக் கட்டிவிட்டு, "பில் 4471-இல் நான் ஒப்புக்கொள்ளும் தொகையைச் செலுத்திவிட்டேன், மீதி 827 குறித்துத்தான் மாறுபாடு" என்று எழுதினால், நிலுவைக்காரர் என்ற பெயர் நம் மேல் வராது. பேச்சும் 827-ஐப் பற்றி மட்டுமே நடக்கும்.

கார்டில் கட்டியவர்கள் வங்கி மூலமும் தகராறு எழுப்பலாம், ஆனால் அதற்குக் காலவரம்பு இருக்கிறது. கடைக்கு எழுதும் கடிதத்தில் ஒரு தேதி போடுவதற்கு அதுவும் ஒரு காரணம். கடை பதில் சொல்லாமல் இழுத்தால் வங்கியிடம் போக நாள் மிச்சம் இருக்க வேண்டும். அங்கேயும் 827 மட்டும்தான், முழு 6,324 அல்ல. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். கடையும் பணம் அனுப்பி, வங்கியும் பணம் பிடித்துவிட்டால் அதை அவிழ்ப்பதற்குத் தனியாக இன்னொரு கடிதப் போக்குவரத்து தேவைப்படும்.

கடையிலிருந்து பதில் மார்ச் கடைசியில் வந்தது. தவறை ஒப்புக்கொண்டார்கள், வருத்தமும் தெரிவித்தார்கள், 765 திருப்பி அனுப்பியிருந்தார்கள். கூடவே அடுத்த முறை வாங்கும்போது பயன்படுத்த ஒரு கூப்பன்.

"போதும் விடு தம்பி, கூப்பன் வேற குடுத்திருக்காங்க" என்றார் அண்ணி. எனக்கு விட மனமில்லை, 62 பெரிய தொகை என்பதால் அல்ல. 765 எங்கிருந்து வந்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது. 850-இல் தள்ளுபடி 85 போனால் 765. குமாஸ்தா பாதி வழி சரியாக வந்து, வரியைச் சேர்க்க மறந்துவிட்டார். அது கடையின் விற்பனை வரிப் பதிவிலும் தவறாகவே நிற்கும்: நடக்காத விற்பனைக்கு வசூலித்த வரி அவர்கள் கணக்கில் வசூலான வரியாகவே இருக்கும். கூப்பன் என்பது கடை நம்மை மறுபடி வரவழைக்கச் செய்யும் ஏற்பாடு; கடனுக்கு ஈடாக அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளலாம், கணக்கை அதோடு கலக்க வேண்டாம்.

இரண்டாவது கடிதம் ஐந்து வரிதான். முதல் கடிதத்தின் தேதி, பில் எண், வந்து சேர்ந்த 765, அதற்கு நன்றி. பிறகு இது: "765 என்பது ஒரு வாளியின் தள்ளுபடி போன விலை. அதன் மேல் பில்லில் பெறப்பட்ட 8 சதவீத வரி 61.20 இதில் சேரவில்லை. ரவுண்ட் செய்த மொத்தங்களின்படி மீதி 62." இங்கே புகார் என்று எதுவும் இல்லை, அவர்களுடைய எண் எந்தப் படியில் நின்றுவிட்டது என்று காட்டுவது மட்டும்தான். எதிர்ப்பக்கத்து எண்ணை மறுக்கும்போது அது எப்படி வந்தது என்பதையும் நாமே சொல்லிவிட்டால், பிறகு வாதாட யாருக்கும் ஒன்றும் இருக்காது.

61 வந்தது. 62 அல்ல. அண்ணி என்னைப் பார்த்தார், நான் விட்டுவிடலாம் என்றேன். அவர்கள் வாளியை மட்டும் கணக்கிட்டு 826.20-ஐ 826 ஆக்கியிருக்கிறார்கள், அதுவும் ஒரு சரியான முறைதான். கிரெடிட் நோட்டில் மட்டும் அசல் பில் எண் விட்டுப்போயிருந்தது. அதைக் கடையில் கேட்டு 4471 என்று எழுதி முத்திரை வைத்து வாங்கி, பில்லோடு பின் அடித்து வைத்திருக்கிறார். பெயிண்டுக்கு உத்தரவாதம் கேட்டுப் போகும் நாள் வந்தால், 6 வாளி என்று சொல்லும் பில்லை மட்டும் காட்ட முடியாது.